தம்மாமிலிருந்து ரியாத்: அரபுப் பணிவிலகல் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

மருந்தாளர், தம்மாம்: தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. கணவர் ரியாத்தில் இருக்கிறார். எழுத்தர் அரபியில் கடிதம் தயாரித்துவிட்டார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'சஆதத் முதீர் அல்முஸ்தஷ்ஃபா அல்முஹ்தரம்' என்று தொடங்குகிறது. முடிவில் 'இஸ்தலம்து ஜமீஃ முஸ்தஹக்காத்தீ' என்று இருக்கிறது. கையெழுத்திடலாமா?

மனிதவளப் பிரிவு, ரியாத்: வேண்டாம். நிலுவை முழுவதையும் பெற்றுக்கொண்டேன் என்கிறது அந்தக் கடைசி வரி. அது பணம் கைக்கு வந்த பிறகு கொடுக்கும் ரசீதில் இருக்க வேண்டியது. அடித்துவிடச் சொல்லுங்கள். தொடக்கம் முறையானதுதான், அப்படியே இருக்கட்டும்.

கணக்காளர், ஜுபைல்: காரணமே எழுதக்கூடாது. சொந்தக் காரணம் என்று ஒரு வரி போதும். 60 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

மனிதவளப் பிரிவு, ரியாத்: பொதுவாகக் காரணம் வேண்டாம் என்பது சரி. ஆனால் இவருக்கு அதில்தான் பணம் இருக்கிறது. மாதச் சம்பளம் 6,000 ரியால் என்று வையுங்கள். ஆண்டுக்கு அரை மாதம் வீதம் நான்கு ஆண்டுக்குப் பணிக்கொடை 12,000. தானாக விலகினால் மூன்றில் ஒரு பங்கு, 4,000தான். பெண் ஊழியர் திருமணமான ஆறு மாதத்துக்குள் விலகினால் சவூதி தொழிலாளர் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி முழுத்தொகை. ஆகவே திருமண நாளைக் கடிதத்தில் எழுதி, சான்றிதழ் நகலை இணையுங்கள்.

60 நாள் என்பது வேறு விஷயம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, காலவரையறை ஒப்பந்தத்தில் கொடுத்த பணிவிலகலுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். காரணத்தை எழுத்தில் சொல்லி நிர்வாகம் 60 நாள் வரை தள்ளிப்போடலாம். அதனால் இன்னொரு பிரதியில் தேதியும் வரவு எண்ணும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். இவ்வளவு கொடுத்தால் இருப்பேன் என்பதுபோல எந்த நிபந்தனையும் கடிதத்தில் வேண்டாம்; நிபந்தனை இருந்தால் அது பணிவிலகலே ஆகாது.

மருந்தாளர், ஷார்ஜா: நான் துபாய்க்கு மாறியபோது உரிமத்தையே மாற்ற வேண்டியிருந்தது. அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

மனிதவளப் பிரிவு, ரியாத்: அது அமீரக நடைமுறை. சவூதியில் சுகாதாரச் சிறப்புத்துறை ஆணையத்தின் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

மருத்துவமனை மருந்தாளர், ஜித்தா: ஒன்றை விட்டுவிட்டீர்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றனவா? பதிவேட்டு இருப்பையும் அலமாரி இருப்பையும் எண்ணிப் பார்த்து, பொறுப்பேற்பவரோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஒரு ஆம்பூல் குறைந்தாலும், பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் கையெழுத்திடும் 'இக்லா தரஃப்' தாளில் மருந்தகக் கையெழுத்து விழாது. சாவியைக் கொடுத்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்தாளர், தம்மாம்: மார்ஃபின் அலமாரிச் சாவி என்னிடம்தான். கடைசி வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் 87ஆம் பிரிவு எனக்குப் பொருந்தாது, ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்கிறார் எழுத்தர்.

கணக்காளர், ஜுபைல்: ஒப்பந்தம் மீதி இருந்தால் இழப்பீடு கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

மனிதவளப் பிரிவு, ரியாத்: நிர்வாகம் ஏற்றுக்கொண்ட பணிவிலகலில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 87 பற்றி அவர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியும் இழப்பீட்டுப் பிரிவும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.