பெயரை மறைத்தால் பாகுபாடு போய்விடுமா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் கிடங்கு நிறுவனத்தில் 60 பேர். வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மேற்பார்வையாளரை எடுக்கப்போகிறோம். விண்ணப்பங்களில் பெயர், படம், வயது மூன்றையும் மறைத்துவிட்டுப் பார்த்தால் யார் மேலும் பாகுபாடு வராது என்கிறார் முதலாளி. நேர்காணல் குழுவில் நானும் ஒருவன். இது போதுமா?

கோப்பி_கொசோங்:
தாராளமாகப் போதும். 2004-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். சிகாகோ, பாஸ்டன் நிறுவனங்களுக்கு ஒரே தரத்தில் விண்ணப்பங்களை எழுதி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளைக்காரப் பெயர் போட்டதற்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் போட்டதற்குப் பதினைந்து அனுப்பினால்தான் ஒன்று. கெடுதல் பெயரில் இருக்கிறது, அதை மறைத்தால் முடிந்தது.

பழைய_எச்ஆர்:
அந்த ஆய்வு சரிதான். ஆனால் அது காட்டியது நோயை, மருந்தை அல்ல. மறைத்துப் பார்ப்பதைப் பிரான்ஸ் அரசே சோதித்தது. அதில் புலம்பெயர்ந்த குடும்பத்தினருக்கு அழைப்பு கூடுவதற்குப் பதில் குறைந்தது. சோதனைக்குத் தாமாக முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவை. பெயர் தெரிந்தபோது, "இவருக்கு வேலை கிடைக்காத இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்" என்று பெருந்தன்மையாகப் படித்தார்கள். பெயர் போனதும் அந்தப் பெருந்தன்மையும் போய்விட்டது.

அப்புறம் நம் ஊரில் எதை மறைப்பது? ஓ லெவல் பாடப் பட்டியலில் 'தமிழ்' என்று ஒரு வரி இருந்தால் போதும், இனம் தெரிந்துவிடும். 'தேசிய சேவை, இரண்டு ஆண்டு' என்றால் ஆண். மதரஸாவில் படித்தது, கோயிலில் தொண்டு செய்தது, பட்டம் வாங்கிய ஆண்டு, எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவற்றையும் அழித்தால் மிஞ்சுவது வெற்றுக் காகிதம்.

மறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படம், அடையாள அட்டை எண், மதம், திருமண நிலை, இவற்றை விண்ணப்பப் படிவத்தில் கேட்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி நேர்காணல் அறையில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து அந்த ஆள் உள்ளே வந்ததும் மறைத்ததெல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிடும் அல்லவா?

கடைக்காரர்_தெக்கா:
ஏன் இந்தத் தலைவலி எல்லாம்? வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 25 பேருக்குக் குறைவான கடைகளுக்குப் பொருந்தாது. என்னிடம் 12 பேர். பாகுபாடு காட்டக்கூடாது என்று அது போடும் பட்டியலிலும் தோற்றம் என்று எதுவும் கிடையாது. முன்னால் நிற்கும் ஆள் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது என் உரிமை.

பழைய_எச்ஆர்:
பாதி சரி, அண்ணே. சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு, அது நடைமுறைக்கு வந்து முதல் ஐந்து ஆண்டு விலக்கு உண்டு. தோற்றம் என்று தனித் தலைப்பும் பட்டியலில் இல்லை. ஆனால் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி நெறிகளுக்கு இந்த ஆள் கணக்கு கிடையாது. அதை மீறினால் மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதிச் சீட்டில் கைவைக்கலாம். உங்கள் சமையல்காரருக்குப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அது வலிக்கும்.

தோற்றமும் அவ்வளவு எளிதாகப் பிரியாது. 'பார்க்க நன்றாக' என்றால் என்ன என்று எழுதச் சொன்னால் பெரும்பாலும் நிறம், வயது, தூடோங் முக்காடு என்றுதான் எழுதவேண்டி வரும். அதில் இரண்டு மூன்று நேரே பட்டியலுக்குள் போய்விடும்.

நூர்_பெடோக்:
நான் சொல்ல வந்ததும் அதுதான். ஒரு கடையில் முன்மேசை வேலைக்குப் போனேன். கேள்வி எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் "இதைக் கழற்ற முடியுமா?" என்று என் முக்காட்டைக் காட்டிக் கேட்டார்கள். சீருடை விதி என்றார்கள். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 2021 நவம்பரிலிருந்து அரசாங்க மருத்துவமனையில் தாதியரே சீருடையோடு தூடோங் போடுகிறார்கள். அங்கே முடிகிறது, முன்மேசையில் முடியாதா?

கோப்பி_கொசோங்:
பாதுகாப்புக்காகச் சில இடங்களில் முடியாது, நூர். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் துணி எதுவானாலும் ஆபத்து.

பழைய_எச்ஆர்:
உண்மை. சமய உடையைப் பொதுவாக அனுமதிக்க வேண்டும், வேலையின் தன்மைக்கோ பாதுகாப்புக்கோ ஏற்ற சீருடை விதி இருந்தால் மட்டும் விலக்கு என்பதுதான் இங்கே வழிகாட்டல். ஆகவே விதி ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஆள் வந்த பிறகு முளைக்கும் விதி அந்த ஆளுக்காக முளைத்ததுதான்.

ஈசூன்வாசி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் குழு நடத்திய ஒரு தேர்வைச் சொல்கிறேன், அதே மேற்பார்வையாளர் வேலை. விளம்பரம் போடும் முன்பே நான்கு கேள்வி எழுதினோம். கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பார், இரவு ஷிஃப்டில் ஆள் வராவிட்டால் என்ன செய்வார், சரக்குக் கணக்கு இடித்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவார், தன் குழுவில் ஒருவர் தவறு செய்தால் எப்படிப் பேசுவார். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். நான்கு வாங்க என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வைத்தோம். முதல் கேள்விக்கு: முழுதும் கேட்க வேண்டும், ஆர்டர் பதிவைப் பார்க்க வேண்டும், திரும்ப அழைக்கும் நேரத்தைச் சொல்ல வேண்டும். மூன்றும் இருந்தால் நான்கு.

எல்லாருக்கும் அதே நான்கு, அதே வரிசையில். ஒருவர் வெளியே போனதும் மூன்று பேரும் பேசாமல் தனித்தனியே மதிப்பெண் எழுதித் தாளைக் கவிழ்த்துவிட வேண்டும். முக்கியமான விதி இந்த ஒன்றுதான். முதலாளி முதலில் "கொஞ்சம் பயந்த மாதிரி இருக்காங்க" என்று வாயைத் திறந்தால் மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒரு பெண்ணுக்கு 15, 14, 11. ஓர் ஆணுக்கு 12, 13, 15. இருவருக்கும் மொத்தம் 40. இப்படிச் சமமாக வந்தால்தான் 'மனதுக்குப் பட்டது' பேசத் தொடங்கும். பேச விடாமல் அந்த 11 எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். முதல் கேள்விக்கு மற்ற இருவரும் நான்கு கொடுத்திருந்தார்கள், மூன்றாமவர் ஒன்று. குறிப்பில் 'தன்னம்பிக்கை இல்லை' என்று இருந்தது. அந்தப் பெண் சொன்னதாக அவரே எழுதியிருந்த பதிலைப் படித்தோம். மூன்று அம்சமும் அதில் இருந்தன. அந்தப் பெண்ணின் குரல் மெல்லியது, அவ்வளவுதான். அந்த மூன்றாமவரே ஒன்றை அடித்து நான்கு போட்டார். மொத்தம் 43 ஆனது.

கோப்பி_கொசோங்:
இதைத்தான் நான் கேட்க வந்தேன். பிறகு மாற்றலாம் என்றால் தனித்தனியே எழுதியதற்கு என்ன அர்த்தம்? யாருக்கு வேண்டுமோ அவருக்கு ஏற்றிக்கொள்ளலாமே.

பழைய_எச்ஆர்:
நல்ல கேள்வி. முதலில் போட்ட எண் அழியாது, அதன் மேல் கோடு மட்டும்தான், பக்கத்தில் காரணமும் கையெழுத்தும். முன்பே எழுதி வைத்த வரியைக் காட்டி மட்டுமே மாற்றலாம். அந்த ஆணின் 15-ஐயும் அதே மாதிரி சரிபார்த்தோம், அது நின்றது. நின்றிருக்காவிட்டால் அதுவும் இறங்கியிருக்கும். இருந்தாலும் நீங்கள் சொல்லும் ஆபத்து முழுவதுமாகப் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூரோங்_அப்பா:
என் மகன் விற்பனை வேலைக்கு விண்ணப்பித்தான். விளம்பரத்தில் 'மாண்டரின் பேச வேண்டும்' என்று இருந்தது. மதிப்பெண் தாள் எல்லாம் அவனுக்கு என்ன உதவும்? கதவே திறக்கவில்லையே.

பழைய_எச்ஆர்:
உதவாது, ஐயா. அது விளம்பரம் எழுதும் படியிலேயே நடந்த தவறாக இருக்கலாம். சீனச் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டி என்றால் அந்த மொழி வேலைக்குத் தேவை, காரணத்தையும் விளம்பரத்திலேயே போடலாம். 'சக ஊழியர்களோடு பேச' என்றால் அது காரணமாகுமா என்பதில் எனக்கே தெளிவில்லை. அந்த வேலையில் யாரோடு, எவ்வளவு நேரம் அந்த மொழியில் பேசுவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் புரிந்துவிடும்.

நூர்_பெடோக்:
ஒன்று சொல்லலாமா? நம்மவர்கள் எடுக்கும் நேர்காணலும் சுத்தமில்லை. உட்கார்ந்ததும் "ஊரில் எங்கே? எந்தத் தெரு? சைவமா?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். என்ன தேடுகிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

கடைக்காரர்_தெக்கா:
ஊர் கேட்பது மரியாதைம்மா. கேட்காமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

பழைய_எச்ஆர்:
"எம்ஆர்டி கூட்டமா இருந்ததா?" என்று தொடங்கலாம், அண்ணே. சாதி என்ற சொல் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. அதனால்தான் படிவத்தில் பிடிபடாதது அரட்டையில் நுழைகிறது. எங்கள் குழுவில் முதல் ஐந்து நிமிட அரட்டைக்கும் விதி வைத்தோம்: வேலை, பயணம், வானிலை. குழுவில் ஒருவர் சிரித்தார், ஆனால் அடுத்த நேர்காணலில் கடைப்பிடித்தார்.

பதவி உயர்வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் கவனிக்காதது. உயர்வுக் கூட்டத்தில் யாரும் பாகுபாடு காட்டுவதில்லை, அதற்குள் முடிந்துவிடும். முந்தைய ஆண்டு மேற்பார்வையாளர் விடுப்பில் போனபோது அவர் இடத்தைப் பார்த்துக்கொண்டது யார்? புகைக்கும் மூலையில் மேலாளரோடு நின்றவர். கூட்டத்தில் 'அனுபவம் உள்ளவர்' என்று அவர் பெயர்தான் வரும். ஆகவே தற்காலிகப் பொறுப்பு யாருக்கு எத்தனை நாள் தரப்பட்டது, யாரிடம் கேட்கப்படவே இல்லை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைப்பேறு விடுப்பு 16 வாரம் எடுத்தவரை, வேலை செய்த மாதங்களை வைத்து மட்டும் மதிப்பிடுங்கள். இல்லாத நான்கு மாதத்துக்குப் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள்.

கோப்பி_கொசோங்:
60 பேர் உள்ள கம்பெனியில் இத்தனை தாள் யார் எழுதுவது? இரண்டு மாதத்தில் கைவிடுவார்கள்.

ஈசூன்வாசி:
முதலாளியிடம் பேசிவிட்டேன். நான்கு கேள்விக்கும் தாளைக் கவிழ்ப்பதற்கும் சரி என்றார். தற்காலிகப் பொறுப்புப் பட்டியலைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது, அது மேலாளர்களின் விருப்பமாம். வெள்ளிக்கிழமை முதல் நேர்காணல். கேள்விகளை எழுதி இங்கே போடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள், அக்கா.