ரத்த தான வீடியோவில் "மயங்கி விழுந்துட்டா?" என்ற பயத்துக்கு என்ன பதில் வைத்தீர்கள்?

கல்லூரி முகாம் பொறுப்பாளர், மதுரை

அக்டோபர் 1 முகாமுக்காக நாலு நிமிட வீடியோ ஒன்று எடுக்கிறோம். ஸ்கிரிப்ட் எழுதும் முன் மாணவர்களிடம் பேர் போடாமல் சீட்டில் பயத்தை எழுதித் தரச் சொன்னோம். ஊசி, வலி, நோய் தொற்றிக்கொள்ளுமா என்பதெல்லாம் வந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வந்தது, "எல்லார் முன்னாடியும் மயங்கி விழுந்துட்டா?" என்பதுதான்.

நான் பார்த்த வீடியோக்கள் "ஒண்ணும் ஆகாது, தைரியமா வாங்க" என்று ஒரே வரியில் இதைத் தாண்டிப் போகின்றன. போன முகாமில் எங்கள் மாணவன் ஒருவன், ரத்தம் கொடுத்து முடித்து, ஜூஸ் வாங்க வரிசையில் நின்றபோது சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. கேமரா முன் பேசத் தயார் என்று அவனே சொல்கிறான். அவனைப் பேச வைக்கலாமா? இது மாதிரி செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிளட் பேங்க் டெக்னீஷியன்

கட்டாயம் பேச வையுங்க சார். முகாமில் மயக்கம் வருவது எங்களுக்குத் தெரிந்த விஷயம், மறைக்க வேண்டியதில்லை. முதல் தடவை கொடுப்பவர்கள், வயசு குறைவானவர்கள், எடை குறைவானவர்கள், இவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம் வரும். கல்லூரி முகாமில் மூன்றுமே சேர்ந்திருக்கும்.

ஒரு விஷயத்தை அவன் வாயால் கேட்டு வாங்குங்க: விழுவதற்கு முன் என்ன தோன்றியது? அநேகமாக வயிற்றைப் புரட்டியது, வியர்த்தது, காது அடைத்தது என்பான். நாங்கள் வெளியிலிருந்து பார்ப்பது வேறு. முகம் வெளுக்கும், மேல் உதட்டில் வியர்வை பூக்கும், கொட்டாவி விடுவார்கள். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்துவார். அதனால்தான் நாங்கள் "எந்த ஊரு, என்ன படிக்கிறே"ன்னு கேட்டுக்கிட்டே இருப்போம். பதில் நின்றால் உடனே ரத்தம் எடுப்பதை நிறுத்தி, தலைப்பக்கம் தாழ்த்தி, காலை உயர்த்துவோம். பெரும்பாலும் சில நிமிடத்தில் முகத்தில் ரத்தம் ஏறிவிடும்.

உங்க பையன் விழுந்தது படுக்கையில் இல்லை, நின்றபோது. அந்த வித்தியாசம் வீடியோவில் வரணும்.

முகாம் அண்ணன், ஈரோடு

இதுக்கு இவ்வளவு பெரிய ஸ்கிரிப்ட் எதுக்கு? வெறும் வயித்துல வர்றதாலதான் மயக்கம். சுகர் இறங்கிடுது. "சாப்பிட்டு வாங்க"ன்னு ஒரு வரி, கையில ஒரு குளுக்கோஸ் பாக்கெட். முடிஞ்சது.

பிளட் பேங்க் டெக்னீஷியன்

சாப்பிட்டு வரணும்ங்கிறது சரிதான் அண்ணே. வெறும் வயிற்றோடு வந்தால் நாங்களே எடுக்க மாட்டோம். ஆனா வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டவரும் விழுவார். பக்கத்துப் படுக்கையில் ஊசி போடுவதைப் பார்த்தே ஒருத்தர் விழுவார், அவரிடம் ஒரு சொட்டுகூட எடுத்திருக்க மாட்டோம். பயத்திலோ வலியிலோ நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறைந்து, ரத்தக் குழாய்கள் தளர்ந்து, மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் குறைகிறது. ரத்தம் கொடுத்ததும் எழுந்து நின்றால் இது இன்னும் சுலபமாக வரும்.

அதனால் சாப்பாட்டோடு தண்ணீரையும் சொல்லுங்க. கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர். படுத்திருக்கும்போது காலைக் குறுக்கே போட்டுத் தொடையை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கணும். ரத்த அழுத்தம் இறங்காமல் பிடிக்க இது உதவும். ஒரு மாணவரைச் செய்து காட்டச் சொல்லி ஷாட் எடுங்க. பயப்படுபவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

வீடியோ எடிட்டர், கோவை

ரெண்டு முகாமுக்கு வீடியோ செஞ்சிருக்கேன். ஊசி ஏறும் குளோஸ் அப் வேண்டவே வேண்டாம். திரையில் பார்க்கும்போதே சிலருக்குத் தலை சுத்தும். கேமராவைப் படுத்திருப்பவர் கண் இருக்கும் இடத்தில் வைங்க: மேலே ஃபேன், குனிஞ்சு பேசும் நர்ஸ் முகம், கையில் பந்து. நிஜமா அவங்க பார்க்கப்போறது அதுதான். நோய் தொற்று பயத்துக்கு, சீல் வச்ச பாக்கெட்டைப் பிரிக்கும் ஷாட் போதும். ஊசி பையோடவே சேர்ந்து வருது, ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் போட வழியே இல்லைன்னு அதைப் பார்த்தாலே புரியும்.

ரெகுலர் டோனர், சேலம்

ஊசியை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரத்தம் எடுக்கும் ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமன்தான். படுத்த பிறகு முதல் தடவையாகப் பார்த்தால் அப்போதுதான் பயம் அதிகமாகும். தூரத்தில் இருந்தாவது ஒரு தடவை காட்டிவிடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்ற வரியையும் எடுங்கள். சுருக்கென்று ஒரு வலி உண்டு, பிறகு கை கனக்கிற மாதிரி இருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

எம்.காம் மாணவி

என் பயம் வேற. போன தடவை ஹீமோகுளோபின் 11.6ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தோழிங்க முன்னாடி ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு வாரம் பேரீச்சம்பழம் சாப்பிட்டு வந்தா எடுப்பாங்களா அக்கா? (டெக்னீஷியன் அக்காதானே?)

பிளட் பேங்க் டெக்னீஷியன்

அக்காதான்மா. ஒரு வாரத்தில் ஏறாது. 12.5 இருக்கணும். உடம்பில் இரும்புச்சத்து சேர வாரக்கணக்கில் ஆகும். முதலில் டாக்டரைப் பார்த்து ஏன் குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள். திருப்பி அனுப்பியது உன் நல்லதுக்குத்தான்.

சார், இந்தப் பொண்ணு சொன்னதும் வீடியோவில் வரணும். நீல நிற காப்பர் சல்பேட் கரைசலில் விரல் ரத்தத்தை ஒரு சொட்டு விடுவோம். மூழ்கினால் கொடுக்கலாம், மிதந்தால் எடுப்பதில்லை. பார்க்க நல்ல ஷாட்டாகவும் இருக்கும், யாரையும் கண்ணை மூடிக்கொண்டு படுக்க வைப்பதில்லை என்பதும் புரியும்.

கல்லூரி முகாம் பொறுப்பாளர், மதுரை

எல்லோருக்கும் நன்றி. மயக்கப் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

*மாணவன் (ஜூஸ் மேசை முன் உட்கார்ந்து):* "குடுத்து முடிச்சதும் ஒண்ணும் தெரியல. உடனே எந்திரிச்சு வரிசைக்குப் போயிட்டேன். வியர்த்துச்சு, காது அடைச்சுச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு, அடக்கிக்கிட்டு நின்னேன். அப்புறம் பார்த்தா தரையில படுத்திருக்கேன், காலை ஒருத்தர் தூக்கிப் பிடிச்சிருக்கார்."

*நர்ஸ்:* "சிலருக்கு இப்படி வரும். அதுக்குத்தான் நாங்க பக்கத்துலயே இருக்கோம். முடிஞ்சதும் 15 நிமிஷம் உட்காருங்க, ஜூஸ் உங்க இடத்துக்கே வரும். தலை சுத்தினா அப்பவே சொல்லுங்க."

ஜூஸ் மேசைக்கு வரிசை என்பதையே இந்த முகாமில் எடுத்துவிட்டோம். தன்னார்வலர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ரெகுலர் டோனர், சேலம்

பையனின் வரிகள் அருமை. ஊசி ஷாட்?

கல்லூரி முகாம் பொறுப்பாளர், மதுரை

இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு மாதிரியும் எடிட் செய்து, சீட்டு எழுதிய மாணவர்களிடமே காட்டப்போகிறோம்.

பிளட் பேங்க் டெக்னீஷியன்

நர்ஸ் பேச்சில் ஒரு வரி சேருங்க சார். முகாமிலிருந்து கிளம்பிய பிறகும் சிலருக்கு வரும், பஸ்ஸில் நிற்கும்போது, வண்டி ஓட்டும்போது. "எங்கே இருந்தாலும் சரி, வண்டியை ஓரம் கட்டிட்டு, தரையிலயாவது உட்காருங்க, முடிஞ்சா படுங்க. இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு சொல்லி, பிளட் பேங்க் நம்பரைத் திரையில் படிக்கிற அளவுக்கு நேரம் நிறுத்துங்க.