புதுப்பிப்பு: பம்ப் அறை மோட்டர் கட்டுப்பாட்டுப் பலகை எம்.சி.சி., 37 கிலோவாட் மோட்டர் மூன்று

முன்பு நான் கேட்டது: “திருகோணமலையில் ஒரு பம்ப் அறை. இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு. ஸ்டார்-டெல்டாவா, சாஃப்ட் ஸ்டார்ட்டரா? மூன்றுக்கும் மின்சாரம் பகிரும் பஸ்பார் எத்தனை ஆம்பியர்?”

எல்லோருக்கும் நன்றி. சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் சரிவந்தது. ஸ்டார்-டெல்டா தொடக்கத்தை மட்டும்தான் பார்க்கும். நிறுத்தும்போது குழாய் ‘டமார்’ என்று அடிப்பதைத் தடுக்காது. இப்போது வேகம் மெல்ல இறங்க, நான்-ரிட்டர்ன் வால்வு சத்தமில்லாமல் மூடுகிறது.

எதிர்பாராதது டைப் 2, அதாவது ஷார்ட் சர்க்கிட்டுக்குப் பிறகும் ஸ்டார்ட்டர் மீண்டும் வேலை செய்ய வேண்டும் என்ற பாதுகாப்பு நிலை. பிரேக்கர் மட்டும் என்றால், ஷார்ட் சர்க்கிட்டில் ஸ்டார்ட்டர் உள்ளே இருக்கும் தைரிஸ்டர் போய்விடலாம், அதாவது டைப் 1தான். தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள அதிவேக ஃபியூஸையே போட்டோம்.

மூன்றின் தொடக்க மின்னோட்டத்தையும் கூட்டி 800 ஆம்பியர் பஸ்பார் கேட்ட தம்பி, தொடக்கம் சில விநாடிதான். ஓடும்போது மோட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 68 ஆம்பியர். மூன்றும் ஓடினாலும் 204. அதனால் 250 போதும், ஷார்ட் சர்க்கிட் தாங்குதிறனைத் தனியே பார்க்க வேண்டும்.

வீட்டுக் கிணற்று மோட்டர் பற்றிக் கேட்ட அக்காவுக்கு இதெல்லாம் வேண்டாம். கடல் காற்றுக்குப் பஸ்பாரில் வெள்ளீயம் பூசிய செம்பு வேண்டுமா என்பதில் இன்னும் இழுபறி.