ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர்: இதற்கு என்ன சொல்?

செல்வி:

வணக்கம். ஒரு வரைபடச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சென்னை எங்கே என்று கேட்டால் `13.0827, 80.2707` என்று பதில் தருகிறது. அதன் கீழே ஒரு சிறு பெட்டியில், அந்த இடத்தில் ஒரு பாகை எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு எண்கள் வருகின்றன: வடக்கு-தெற்கான `lat` பக்கம் 110.6, கிழக்கு-மேற்கான `lon` பக்கம் 108.4. பெட்டிக்கு என்ன தலைப்பு வைப்பது? "பாகைத் தொலைவு" என்று எழுதிவைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. பயன்படுத்தப்போகிறவர்கள் இந்த எண்களை முதல்முறை பார்ப்பவர்கள்.

முத்துக்குமார்:

இதற்கு எதற்குப் பெட்டி? ஒரு பாகை என்றால் 111 கிலோமீட்டர், அவ்வளவுதான். துருவத்திலிருந்து பூமத்தியரேகை வரை 10,000 கி.மீ., அதில் 90 பாகை. வகுத்துப் பாருங்கள், 111.11 வரும். மீட்டர் என்ற அளவே அப்படி வகுத்துத்தான் வந்தது. "பாகை = 111 கி.மீ." என்று ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கோதண்டராமன்:

நான் ஜாதகம் கணிப்பவன். எங்களுக்கு ஒரு தீர்க்கப் பாகைக்கு 4 நிமிடம் என்பதுதான் கணக்கு. இந்திய நேரம் 82.5 பாகையில் நிற்கிறது, சென்னை 80.27-இல் இருக்கிறது. இடையில் 2.23 பாகை, ஆக ஏறக்குறைய 9 நிமிடம் கழிப்போம். "பாகை நிமிடம்" என்று வைக்கலாமே?

பரராஜசிங்கம் (யாழ்ப்பாணம்):

கோதண்டராமன் ஐயா, நீங்கள் சொல்வது நேரம். செல்வி கேட்பது தூரம். ஆனாலும் உங்கள் கணக்கை வைத்தே விளங்கப்படுத்தலாம். பூமி சுற்றுவதால் வரும் அந்த 4 நிமிடம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கிலோமீட்டர் அப்படி இல்லை. நீங்கள் தீர்க்கம் என்கிற நெட்டாங்கில் ஒரு பாகை யாழ்ப்பாணத்தில் 110 கி.மீ.க்குக் கிட்ட வரும், லண்டனில் 69 சொச்சம்தான்.

சாத்துக்குடியை உரித்துப் பாருங்கள். சுளைகள் நடுவில் அகலம், காம்புப் பக்கம் போகப் போக ஒடுங்கி ஒரு புள்ளியில் சேர்கின்றன. நெட்டாங்குக் கோடுகளும் அப்படித்தான் துருவத்தில் சேர்கின்றன. அகலாங்குக் கோடுகள் சேர்வதே இல்லை, படிக்கட்டுப் போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன. ஆகவே முத்துக்குமார் சொன்ன 111 வடக்கு-தெற்காக மட்டும்தான் சரி. கிழக்கு-மேற்குக்கு இப்படிக் கணக்குப் போடவேண்டும்:

```
111.3 × cos(அகலாங்கு)
```

அப்புறம் ஒரு விண்ணப்பம்: நாங்கள் பள்ளியில் அகலாங்கு, நெட்டாங்கு என்றுதான் படித்தோம். அட்சம், தீர்க்கம் என்பதைவிட இவற்றில் பொருள் தானாகவே தெரிகிறது.

முத்துக்குமார்:

திருச்சியிலிருந்து சென்னைக்கு 111-ஐ வைத்துத்தான் போட்டேன், சரியாக வந்ததே! வடக்கே 2.29 பாகை, கிழக்கே 1.57 பாகை. 254-ம் 174-ம், இரண்டையும் பிதாகரஸ் முறையில் சேர்த்தால் 308 கி.மீ.

பரராஜசிங்கம்:

ஒழுங்காகப் போட்டால் 306 வரும், சாலை வழி இதைவிடக் கூட. உங்கள் பிழை 2 கி.மீ.தான், அதனால்தான் கண்ணில் படவில்லை. நாமெல்லாம் பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கிறோம், இங்கே சுளை இன்னும் ஒடுங்கத் தொடங்கவில்லை. அதே கணக்கை லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலாங்கு, 51.5. நெட்டாங்கில் 2.46 பாகை வித்தியாசம்.

முத்துக்குமார்:

273 வருகிறது. வரைபடத்தில் அளந்தால் 171 காட்டுகிறது! 100 கி.மீ. எங்கே போனது? சரி, 2.46-ஐ 69.5-ஆல் பெருக்கினால் 171 வந்துவிடுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் `lat` பக்கம் 111 இல்லாமல் 110.6 என்று ஏன் வருகிறது?

நிலோஃபர்:

பூமி முழு உருண்டை இல்லை, துருவத்தில் லேசாகத் தட்டை. தட்டையான இடத்தில் வளைவு குறைவு, ஒரு பாகை திரும்புவதற்குக் கூடுதல் தூரம் போகவேண்டும். அதனால் வடக்கு-தெற்குப் பாகை பூமத்தியரேகையில் 110.6, துருவத்தில் 111.7. 1730-களில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குழுவைப் பூமத்தியரேகையை ஒட்டிய அன்றைய பெருவுக்கும் இன்னொன்றை வட துருவப் பக்கம் உள்ள லாப்லாந்துக்கும் அனுப்பி அளந்து வந்தது இந்த வித்தியாசத்தைத்தான். நம் ஊரிலும் நில அளவையாளர் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலையிலிருந்து சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்ததற்கு, ஒரு பாகையின் நீளத்தை அறிவதும் முக்கியக் காரணம். தொடக்கநிலையாளருக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், 111 போதும்.

சொல்லுக்கு வருகிறேன். செல்வி, "பாகைத் தொலைவு" வேண்டாம். வானியலில் இரண்டு விண்மீன்களுக்கு இடையே இத்தனை பாகை என்பதைக் குறிக்க அது தேவைப்படும். அங்கே விடை பாகையில் வரும், இங்கே கிலோமீட்டரில். "பாகை நீளம்" என்பது என் பரிந்துரை.

பரராஜசிங்கம்:

பாகை ஒரு கோணம், கோணத்துக்கு நீளம் ஏது? அந்தக் கோணம் தரையில் வெட்டும் வில்லுக்குத்தான் நீளம். "பாகைவில் நீளம்" என்பதே துல்லியம்.

நிலோஃபர்:

துல்லியம்தான், ஆனால் வில் என்றதும் வாசகர் அம்பைத் தேடுவார்.

செல்வி:

இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேற்று சோதிக்கும்போது பெட்டியில் `lon` பக்கம் 108.4-க்குப் பதில் 18.9 வந்தது. நிரலில் பிழை என்று அரை மணிநேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் நான்தான் எண்களை இடம் மாற்றி `80.2707, 13.0827` என்று கொடுத்திருக்கிறேன். சென்னை, ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலுக்குள் போய்விட்டது!

நிலோஃபர்:

எல்லாருக்கும் நடப்பதுதான். பெரும்பாலான வரைபடங்கள் `lat`-ஐ முதலில் தரும், GeoJSON கோப்பில் `lon` முதலில் வரும். ஒரு எண் 90-ஐத் தாண்டினால் அது நிச்சயம் நெட்டாங்கு என்று பிடித்துவிடலாம், ஆனால் சென்னைக்கு இரண்டுமே 90-க்குள். உங்கள் பெட்டி இருந்ததால்தான் தப்பு வெளியே தெரிந்தது, அதை எடுத்துவிடாதீர்கள்.

செல்வி:

எடுக்கவில்லை. இப்போதைக்குத் தலைப்பில் "பாகை நீளம்" என்று வைத்து, கீழே "வடக்கு-தெற்கு", "கிழக்கு-மேற்கு" என்று இரண்டு வரி போடுகிறேன். அகலாங்கு, நெட்டாங்கு என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே பள்ளிப் பிள்ளைகள் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று படித்துவிட்டு வருகிறார்களே.

பரராஜசிங்கம்:

இரண்டையும் போடுங்கள், எது நிலைக்கிறது என்று பார்ப்போம். "பாகை நீளம்" எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கோதண்டராமன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பழைய பஞ்சாங்கத்தில் சென்னைக்கு 13 பாகை 5 கலை என்று இருக்கிறது. செயலியில் 13.05 என்று போட்டால் சரிதானே?

நிலோஃபர்:

இல்லை ஐயா, ஒரு பாகைக்கு 60 கலை. 5-ஐ 60-ஆல் வகுத்து 13.083 என்று போடுங்கள். 13.05 என்று போட்டால் 3.7 கி.மீ. தெற்கே தள்ளி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பதில் ராயப்பேட்டைப் பக்கம் காட்டும்.