பொருள்: 'பெல்ட் டிரான்செக்ட்' தமிழில் (வெள்ளிக்கிழமைக்குள்)

கயல் எழுதியது:
மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை மீன்களை எண்ணப் பழகும் பிள்ளைகளுக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளி அச்சுக்குப் போகிறது. பாறைமேல் 50 மீட்டர் டேப்பை விரித்து, அதையொட்டி நீந்தியபடி 5 மீட்டர் அகலத்துக்குள் தென்படும் மீன்களின் இனம், எண்ணிக்கை, நீளத்தைப் பலகையில் எழுதுவார்கள். பிறகு நீளத்தை எடையாக்கி, எக்டேருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். டிரான்செக்டுக்குக் 'குறுக்குவெட்டு' என்று போட்டிருந்தேன். வகுப்பில் ஒரு பையன் "மீனை வெட்டணுமாக்கா?" என்று கேட்டுவிட்டான்.

பழம்பாடன் எழுதியது:
'கீற்று' இருக்க வேறு எதற்கு அம்மா? கூறு கூற்று, ஊறு ஊற்று, அதேபோல் கீறு கீற்று. கீறி எடுத்த மெல்லிய நெடும்பகுதி. பிறைக்கீற்று, தென்னங்கீற்று, நீற்றுக்கீற்று எல்லாமே அந்த வடிவந்தானே? லத்தீன் மூலத்திலும் வெட்டுதல்தான். 'கிழி'யும் இதற்கு உறவு என்பது என் கட்சி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

முக்குளிப்பான் எழுதியது:
ஐயா, எங்கள் ஊரில் கீற்று கூரைக்குத்தான். தண்ணீரில் நாங்கள் சொல்வது "டேப் போட்டாச்சா?" அவ்வளவே. இதில் உயிர்நாடி அகலம். டேப்புக்கு இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் பெரிய கலவாவைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும், சேர்க்கக்கூடாது. நாம் கடந்த பின் முதுகுப்பக்கமாக நுழைவதும் கணக்கில்லை. அதனால் 'பட்டை' என்ற சொல் வேண்டும்.

பழம்பாடன் எழுதியது:
பட்டை என்றால் எங்கள் தெருவில் வேறு சரக்கு.

வடமராட்சியான் எழுதியது:
பட்டை கிடக்கட்டும். வரைவில் பயோமாஸுக்கு 'உயிர்நிறை' என்று இருக்கிறதே. நீங்கள் நிறை என்பதை நாங்கள் பள்ளியில் திணிவு என்று படித்தோம். உங்கள் எடைதான் எங்கள் நிறை. எங்கட பிள்ளையள் இதை வாசித்தால் நீள-எடை எது, உயிர்நிறை எது என்று குழம்பும். 'உயிர்த்திணிவு' என்று போடுங்கோ.

கணக்குப்பிள்ளை எழுதியது:
நிறையோ திணிவோ, வாய்பாடு ஒன்றுதான்: W = a × L^b. W எடை, L நீளம். b எப்போதும் 3. நீளத்தில் பத்து சதவீதம் தப்பினால் எடையிலும் பத்து தப்பும். இதற்கா இத்தனை மடல்?

முக்குளிப்பான் எழுதியது:
அண்ணா, b மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். இனத்துக்கு இனம் மாறும். மூன்றே என்று வைத்தாலும் 1.1-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 33 சதவீதம் ஏறிவிடும். முகமூடிக் கண்ணாடி வழியே எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். கணக்கு விளங்குவதற்காக a-வை 0.015 என்று வைப்போம். 20 செ.மீ. ஓரா 120 கிராம். புதுப்பையன் அதை 25 என்று எழுதினால் 234 கிராம், ஏறத்தாழ இரு மடங்கு. 12 ஓரா பார்த்திருந்தால் 250 சதுர மீட்டரில் 1.44 கிலோ, எக்டேருக்கு 57.6 கிலோ. அவன் கணக்கில் 112-ஐத் தாண்டும். பாறை செழித்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். அதனால்தான் முதல் வாரம் நீளம் தெரிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைத் தண்ணீருக்குள் காட்டிக் கண்ணைப் பழக்குகிறோம்.

இன்னொன்று, சராசரி நீளத்தைப் போட்டு எடை காணக்கூடாது. 10 செ.மீ. ஒன்று, 30 செ.மீ. ஒன்று என்றால் மொத்தம் 420 கிராம். சராசரி 20 என்று போட்டால் 240தான் வரும்.

ஏலக்கூடம் எழுதியது:
ஓராவைத் தராசில் வைத்தால் ஒரே நிமிடம். நீளம் எதற்கு? எங்கள் கடையில் யாரும் ஸ்கேல் வைப்பதில்லை.

கயல் எழுதியது:
அண்ணாச்சி, மீனைப் பிடிப்பதே இல்லை, பார்ப்பதோடு சரி. ஆனால் நல்ல வேளை, தராசு என்றதும் ஒன்று நினைவு வந்தது. a, b கண்டவர் வால் நுனிவரை அளந்தாரா, வாலின் பிளவுவரை அளந்தாரா? பிளவுவரைக்கும் கணக்கிட்ட எண்ணில் நுனிவரை நீளத்தைப் போட்டால் எடை கூடிவிடும். இரண்டாவது நீளத்துக்குக் 'கவை நீளம்' என்று எழுதியிருக்கிறேன்.

பழம்பாடன் எழுதியது:
கவை! கவைக்கோல், கவைமகன். இதற்கு மறுப்பே இல்லை. அப்படியானால் டிரான்செக்டுக்கு வினைத்தொகையாக 'எண்ணுபட்டை' என்று வைக்கலாம். எண்ணிய, எண்ணுகின்ற, எண்ணும், முக்காலமும் அடங்கும். (கீற்றை நான் கைவிடவில்லை.)

முக்குளிப்பான் எழுதியது:
அது சரிதான் ஐயா. சிலர் போகும்போது பெரிய மீன்களை 5 மீட்டரில் எண்ணி, திரும்பும்போது அதே டேப்பில் சின்ன மீன்களை 2 மீட்டரில் எண்ணுவார்கள். எண்ணிய பட்டையே எண்ணும் பட்டை ஆகிவிடும்.

கயல் எழுதியது:
எண்ணுபட்டைக்கு நால்வர், கீற்றுக்கு ஒருவர். 'உயிர்த்திணிவு' என்று மாற்றிவிட்டேன். 'எடை' அப்படியே இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பியாச்சு.

வடமராட்சியான் எழுதியது:
எடை அப்படியே என்றால் எங்கட பிள்ளையளுக்கு இன்னும் பாதி வேலை கிடக்கு, தங்கச்சி.