பக்கத்தைப் படம் பிடித்து மார்க்டவுன் எடுத்தால் தலைப்பு நிலைகள் குளறுபடியாகின்றன

வயல்வரப்பு:
எங்கள் ஊர் விவசாயிகளுக்காக எப்போதோ அச்சடித்த 64 பக்கக் கையேடு ஒன்றைப் போனில் படம் பிடித்து மார்க்டவுனாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். எழுத்துகளை டெசராக்ட் ஓரளவு சரியாகவே படித்துவிடுகிறது. தலைப்புகளில்தான் சிக்கல். hOCR-இல் வரும் ஒவ்வொரு வரிப் பெட்டியின் உயரத்தையும் எடுத்து, பெரியது `#`, அடுத்தது `##` என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். 17ஆம் பக்கம் இப்படி வந்தது:

```
## நாற்றங்கால்
விதை நேர்த்தி
# பயிர்ப் பாதுகாப்பு
## பூச்சி
## இலைகளின் அடியில் குஞ்சுகள் கூட்டமாக
```

புத்தகத்தில் நாற்றங்கால், பயிர்ப் பாதுகாப்பு இரண்டும் ஒரே நிலை. விதை நேர்த்தி, களை, பூச்சி மூன்றும் அவற்றுக்கு உட்தலைப்புகள். 'களை' என்ற தலைப்பையே காணோம். கடைசி வரி தலைப்பே இல்லை, சாதாரண உரை. நான் அளந்த உயரங்கள்: நாற்றங்கால் 76 பிக்சல், பயிர்ப் பாதுகாப்பு 96, பூச்சி 73, களை 44. உரை வரிகள் மேலே 61, கீழே 75.

சிவப்புமை:
பிடிஎஃப்பில் எழுத்துருப் பெயரும் அளவும் உள்ளேயே இருக்குமே. `pdffonts` போட்டுப் பாருங்கள், தடித்த எழுத்துருவின் பெயரிலேயே Bold என்று வரும்.

வயல்வரப்பு:
பிடிஎஃப் இல்லைங்க. தாள்தான், போன் படம். உள்ளே எழுத்துருவே கிடையாது.

கணக்கன்:
உயரங்களை நீங்களே எல்லை வைத்துப் பிரிக்காதீர்கள். k-means போட்டு நான்கு குழுக்களாகப் பிரித்தால் தானாக ஒழுங்குக்கு வரும். தடிப்பு வேண்டுமானால் பெட்டிக்குள் எத்தனை கறுப்புப் புள்ளி என்று எண்ணி, பெட்டியின் பரப்பால் வகுங்கள். என் ஆங்கில ரசீதுகளுக்கு இது போதுமாக இருந்தது.

ஈயஎழுத்து:
கணக்கன் சொல்வதில் தடிப்பையும் அளக்க வேண்டும் என்பது சரி. ஆனால் இந்த எண்களை k-means-இல் போட்டால் 76, 75, 73 மூன்றும் ஒரே குழுவில்தான் விழும். ஒன்று தலைப்பு, ஒன்று உரை, ஒன்று உட்தலைப்பு. பிரிக்கும் முறையில் தப்பில்லை, அளந்த பொருளே தப்பு.

நான் ஈய எழுத்துக் கோத்து, அப்புறம் டிடிபிக்கு வந்தவன். தமிழ் வரியின் பெட்டி உயரம் எழுத்தின் அளவைச் சொல்லாது, வரியில் எந்த எழுத்துகள் விழுந்தன என்பதைத்தான் சொல்லும். 'களை' என்று எழுதிப் பாருங்கள். க, ள, ஐகாரக் கொம்பு மூன்றும் நடுப்பட்டையிலேயே அடங்கிவிடும். மேலே புள்ளியும் இல்லை, விசிறியும் இல்லை, கீழே இறங்கும் காலும் இல்லை. 'பூச்சி'யில் பூ கீழே இறங்கும், ச்-இன் புள்ளியும் சி-யின் விசிறியும் மேலே ஏறும். அதே அளவு எழுத்துதான், ஆனால் ஒன்று 44, இன்னொன்று 73. சிறியதாகத் தெரிந்ததால் உங்கள் நிரல் 'களை'யைப் படக்குறிப்பு என்று நினைத்துத் தூக்கிப்போட்டிருக்கும்.

அதனால் நடுப்பட்டையை மட்டும் அளங்கள். வரியை வெட்டி எடுத்து, கிடைவரிசை ஒவ்வொன்றிலும் எத்தனை கறுப்புப் பிக்சல் என்று எண்ணினால் நடுவில் திட்டமாக ஒரு மேடு தெரியும். மேலும் கீழும் மெலிந்திருக்கும். உச்ச எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இருக்கும் வரிசைகளின் உயரம்தான் வேண்டியது. இரண்டெழுத்துத் தலைப்பில் இது கொஞ்சம் ஆடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வயல்வரப்பு:
செய்தேன். உரை வரிகள் மேலே 35, கீழே 43. நாற்றங்கால் 45, பயிர்ப் பாதுகாப்பு 55. களையும் பூச்சியும் இப்போது 43, 44 என்று ஒட்டிவந்துவிட்டன. ஆனால் உரையே மேலும் கீழும் வேறு வேறாக இருக்கிறதே?

ஈயஎழுத்து:
போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். பக்கத்தின் மேல்பகுதி தூரத்தில் இருந்ததால் எழுத்து சுருங்கிவிட்டது. நான்கு மூலைகளைக் குறித்து `cv2.getPerspectiveTransform` கொண்டு நிமிர்த்தலாம், நிமிர்த்தவும் வேண்டும். ஆனாலும் முதுகுத் தையல் பக்கம் தாள் வளைந்திருப்பதால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆகவே பிக்சலை நம்பாமல், தலைப்பை அதற்கு அருகிலுள்ள ஐந்தாறு உரை வரிகளின் நடு எண்ணால் வகுங்கள். 45/35 என்றால் 1.29. 55/43 என்றால் 1.28. இரண்டும் ஒரே நிலைதான். உரை 11 புள்ளி, தலைப்பு 14 என்று வைத்திருப்பார்கள், அது 1.27.

விதை நேர்த்தி, களை, பூச்சி மூன்றுக்கும் விகிதம் 1-ஐ ஒட்டி வரும். அங்கே அளவு பேசாது, தடிப்பு மட்டும்தான் பேசும். கறுப்புப் புள்ளிகளை எண்ணுவது தமிழில் ஏமாற்றும், 'ணை' மெல்லிய எழுத்திலேயே நிறைய மை குடிக்கும், 'ட' தடித்தாலும் காலியாக நிற்கும். கோட்டின் பருமனை அளங்கள்:

```
skel = skeletonize(ink > 0)
dist = cv2.distanceTransform(ink, cv2.DIST_L2, 5)
stroke = 2 * np.median(dist[skel])
```

`ink`-இல் எழுத்து வெள்ளை, தாள் கறுப்பு. வரும் எண்ணை நடுப்பட்டை உயரத்தால் வகுத்து, மறுபடியும் பக்கத்து உரையோடு ஒப்பிடுங்கள்.

வயல்வரப்பு:
உரை 0.12, பூச்சி 0.17, களை 0.18. நன்றாகப் பிரிகிறது! ஆனால் வலது கீழ் மூலையில் ஒரு பத்தி முழுக்க 0.16 என்று வருகிறது. கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியவில்லை.

ஈயஎழுத்து:
அங்கே உங்கள் கை நிழல் விழுந்திருக்கும். முழுப் படத்துக்கும் ஒரே எல்லை வைத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினால் நிழலில் எழுத்து ஊதிவிடும். `cv2.adaptiveThreshold` போடுங்கள், கட்டத்தின் அளவு எழுத்து உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். சிறிதாக வைத்தால் தடித்த எழுத்து உள்ளே பொள்ளலாகி மெல்லியதுபோலக் காட்டும்.

கணக்கன்:
சரி, புள்ளி எண்ணுவதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் விகிதம் கிடைத்த பிறகு குழுப் பிரிக்க k-means ஆகாதா?

ஈயஎழுத்து:
ஆகும், 64 பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டால். பக்கம் பக்கமாகப் போட்டால் 17இல் இருக்கும் பெரிய தலைப்பு `#` ஆகிவிடும். அத்தியாயத் தலைப்பு அதற்கு முன்னாலேயே போயிருக்கும், இது `##`தான். பக்க உச்சியில் எல்லாப் பக்கத்திலும் திரும்ப வரும் நூல் பெயரை முதலில் கழித்துவிடுங்கள்.

நாள்காட்டி:
எனக்கு வேறு மாதிரி ஆனது. பத்திக்குக் கீழே அச்சில் இருந்த கோட்டை அப்படியே `---` என்று எழுதினேன், மேலே இருந்த பத்தி முழுக்கத் தலைப்பாகிவிட்டது. அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஈயஎழுத்து:
மார்க்டவுனில் பத்தியை ஒட்டிக் கீழே `---` வந்தால் அது இரண்டாம் நிலைத் தலைப்பு. நடுவில் ஒரு காலி வரி விடுங்கள்.

வயல்வரப்பு:
மொத்தமாக ஓட்டிவிட்டேன். 17 இப்போது இப்படி:

```
## நாற்றங்கால்
### விதை நேர்த்தி
## பயிர்ப் பாதுகாப்பு
### களை
### பூச்சி
```

31ஆம் பக்கம்தான் மிச்சம். அங்கே 'கவனிக்க:' என்று தடித்த எழுத்தில் தொடங்கி அதே வரியில் உரை ஓடுகிறது. இது `####` ஆகுமா?

கணக்கன்:
ஆகட்டும். உள்ளடக்கப் பட்டியலில் தெரிந்தால் தேட வசதி.

ஈயஎழுத்து:
எனக்கு அது தலைப்பாகத் தோன்றவில்லை, `**கவனிக்க:**` போதும். ஆனால் அதே புத்தகத்தில் 'அறிகுறி:', 'மருந்து:' என்று ஒவ்வொரு நோய்க்கும் அப்படித்தான் வருகிறதா? வந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

வயல்வரப்பு:
வருகிறது. பன்னிரண்டு இடத்தில்.