சொல் கணக்கில் காசு கேட்டால் தமிழுக்குக் கட்டுப்படி ஆகுமா? விளம்பரம், எக்ஸ்பிளெய்னர் குரல் கொடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மரப்பாச்சி:
போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செயலியை விளக்கும் இரண்டு நிமிட எக்ஸ்பிளெய்னர் வீடியோ. ஆங்கிலத்தில் ஏற்கனவே முடித்துவிட்டார்கள், அதே படத்துக்குத் தமிழ்க் குரல் மட்டும் வேண்டும். ஆங்கில ஸ்கிரிப்ட் 290 சொல், தமிழில் மொழிபெயர்த்து வந்தது 215 சொல். "ஆங்கிலக் குரலுக்குச் சொல்லுக்கு இவ்வளவு கொடுத்தோம், உங்களுக்கும் அதே ரேட், சொல் குறைவு என்பதால் தொகையும் குறையும்" என்றார் ஒருங்கிணைப்பாளர். கேட்க நியாயம் மாதிரிதான் இருந்தது. விலை சொல்வதற்கு முன்னால் ஸ்கிரிப்டைப் ஃபோனில் ஒரு தடவை வாசித்து நேரம் பார்த்தேன். அவசரப்படாமல் வாசித்தால் 2:35 வந்தது! "பதிவிறக்கிக்கொள்ளலாம்" என்பது கணக்கில் ஒரு சொல், வாயில் எட்டு அசை. அதைவிட மோசம் எண்கள். ஸ்கிரிப்டில் 2,49,999 என்று ஒரு தொகை இருந்தது, கணினி அதையும் ஒரு சொல்லாகத்தான் எண்ணும். "இரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது" என்று சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

நேரத்தோடு பதில் அனுப்பினேன்: படம் பூட்டியாகிவிட்டதால் ஸ்கிரிப்டில் கிட்டத்தட்ட 35 விநாடி குறைக்க வேண்டும், கட்டணம் முடிந்த ஆடியோவின் நிமிடத்துக்கு. ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? இன்னொன்று, டெமோவைப் புதுப்பிக்கப் போகிறேன், அதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சொல் ரேட் தப்பு என்று சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு 150 சொல் என்பது உலகம் முழுக்க இருக்கிற கணக்கு, அதை வைத்தே நான் பல வருடம் ஓட்டுகிறேன். டெமோ மூன்று நிமிடமாவது இருக்கட்டும். சோகம், கலகலப்பு, செய்தி, பக்தி எல்லாம் இருந்தால்தான் நமக்கு என்னென்ன வரும் என்று தெரியும்.

ஒலிக்கூடம்:
150 ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் விளக்கக் குரல் நிதானமாகப் போனால் நிமிடத்துக்கு 80லிருந்து 100 சொல்தான் நிற்கும், ஸ்கிரிப்டைப் பொறுத்து மாறும். மரப்பாச்சி கணக்கைப் பாருங்கள், 215 சொல்லுக்கு 2:35, அதாவது நிமிடத்துக்கு 83. சொல் ரேட்டே வேண்டும் என்றால் தமிழுக்குத் தனியாக ஒரு ரேட் வைக்கலாம், ஆனால் எண்ணும் சுருக்கெழுத்தும் வந்தால் அதுவும் உடையும்.

பலவிதம் காட்ட வேண்டும் என்பதில் கணக்குப்பிள்ளையோடு உடன்படுகிறேன். மூன்று நிமிடம் மட்டும் வேண்டாம். கேட்கிறவர் முதல் பத்து விநாடியில் முடிவு செய்துவிடுவார், அதில் "வணக்கம், என் பெயர்..." என்று போனால் போச்சு. விளம்பர டெமோ ஒரு நிமிடம் போதும், எட்டுப் பத்து விநாடித் துண்டுகளாக, உங்களுக்கு நன்றாக வருவது முதலில். எக்ஸ்பிளெய்னருக்குத் தனி டெமோ. அதில் துண்டு துண்டாக வெட்டாமல், இசை போடாமல், ஒரே பத்தியை முக்கால் நிமிடம் தொடர்ந்து வாசியுங்கள், ஏனென்றால் அங்கே அவர்கள் தேடுவது அலுப்புத் தட்டாமல் நிலையாகப் போகிறதா என்பதைத்தான்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வினை கடைசியில் வருகிறது, மூச்சும் கடைசியில்தான் தீர்கிறது. அதனால் "செய்ய வேண்டும்", "பெற்றுக்கொள்ளலாம்" எல்லாம் பாதி விழுங்கப்படும். எடிட்டரில் அலைவடிவத்தைப் பாருங்கள், ஒவ்வொரு வாக்கியமும் எலிவால் மாதிரி ஒடுங்கி முடிந்தால் அதுதான் காரணம். வால்யூமைக் கூட்டினால் சரியாகாது, மூச்சு எடுக்கும் இடத்தை ஸ்கிரிப்டில் குறித்துக்கொண்டு திரும்ப வாசிக்க வேண்டும்.

வெயில்காரி:
நான் யூடியூப்பில் கதை வாசிக்கிறேன், ஒரு கதைக்கு எவ்வளவு கேட்கலாம்? மைக் ஃபோனோடு வந்ததுதான்.

மரப்பாச்சி:
வெயில்காரி, அது வேறு கணக்கு. மணிக்கணக்கில் போகிற வேலை, இங்கே பேசுகிற ரேட்டை அதற்குப் போட்டால் யாரும் வரமாட்டார்கள். தனியாகப் பேசுவோம்.

படப்பெட்டி:
நான் அனிமேஷன் செய்கிறவன், குரல் தேடி டெமோ கேட்கிற பக்கம். எனக்கு இரண்டு விஷயம். ஒன்று, எழுத்துத் தமிழ் ஒரு பத்தி, பேச்சுத் தமிழ் ஒரு பத்தி, இரண்டும் டெமோவில் வேண்டும். "நீங்கள் பதிவு செய்யலாம்" என்பதை விறைப்பில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர் குறைவு, "நீங்க பதிவு பண்ணலாம்" என்றால் பலரும் நன்றாகப் பேசுகிறார்கள். இரண்டாவது, டெமோ வாடகை ஸ்டூடியோவில் பளபளவென்று இருக்கும், வேலை வீட்டிலிருந்து வரும்போது அறை எதிரொலி சேர்ந்தே வரும். அதனால் நான் இப்போது டெமோ கேட்ட கையோடு, எந்தச் சுத்திகரிப்பும் செய்யாத பத்து விநாடி வேவ் கோப்பு ஒன்றும் கேட்கிறேன், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், அதில் மூன்று விநாடி யாரும் பேசாத அமைதி. அந்த அமைதி -60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

இன்னொன்று, ஓடின விளம்பர வசனத்தைத் தாங்களே வாசித்து டெமோவில் வைப்பவர்கள் உண்டு. அந்த விளம்பரத்துக்கு இவர்தான் குரல் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன், விசாரித்தால் இல்லை. இல்லாத ஒரு பொருளுக்கு நீங்களே நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

மரப்பாச்சி:
மீதிக் கதையையும் சொல்கிறேன். எக்ஸ்பிளெய்னரைக் கொடுத்து முடித்த பிறகு, அதே ஆடியோவிலிருந்து 30 விநாடி, 15 விநாடி என இரண்டு துண்டு வெட்டி, காசு கட்டி ஓட்டும் ஆன்லைன் விளம்பரமாகப் போட வேண்டும் என்றார்கள். "புதிதாகப் பதிவு எதுவும் இல்லையே, பிறகு எதற்குக் காசு?" என்ற கேள்வியும் வந்தது. என் எக்ஸ்பிளெய்னர் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவர்கள் தளத்திலும் சேனலிலும் வைக்கும் உரிமை, தொனிக்கு ஒரு ரீடேக் அடக்கம். ஸ்கிரிப்ட் மாறினால் குறைந்தது 40, அது ஒரு வரியானாலும் சரி, மைக்கைத் திரும்ப அமைத்துப் பழைய குரலோடு பொருத்துகிற வேலை ஒன்றுதான். விளம்பரத்துக்கு வேறு மாதிரி. எந்த ஊடகம், எங்கே, எத்தனை காலம் என்று கேட்டேன். ஆன்லைன் மட்டும், மூன்று மாதம் என்றார்கள். 30 விநாடிக்கு 80, அதிலிருந்து வெட்டும் 15க்கு 30 கேட்டேன். டிவிக்குப் போனால் திரும்பப் பேச வேண்டும் என்று மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டேன். பேரம் பேசி 110ஐ 90 ஆக்கினார்கள், ஆனால் மூன்று மாத வரம்பு நின்றது.

கணக்குப்பிள்ளை:
எழுதினால் மட்டும் போதுமா? மூன்று மாதம் கழித்து ஓடுகிறதா இல்லையா என்று யார் உட்கார்ந்து பார்ப்பது? முதலிலேயே மொத்தமாக இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு, எப்படி வேண்டுமானாலும் போடு என்று விட்டுவிடுவதுதான் எனக்கு லாபமாகப்படுகிறது.

ஒலிக்கூடம்:
சின்ன வாடிக்கையாளர் என்றால் எனக்கும் அதுவே தோன்றும். பெரிய பிராண்ட் என்றால் மாட்டேன். காலவரம்பு இல்லாமல் கொடுத்துவிட்டு, அதே வகைப் பொருளுக்கு இன்னொரு கம்பெனி கூப்பிட்டால் "உங்கள் குரல் அவர்கள் விளம்பரத்தில் இன்னும் ஓடுகிறதே" என்று விட்டுவிடுவார்கள். அந்த இழப்புக்கு இரண்டு மடங்கு காணாது.

படப்பெட்டி:
எங்கள் பக்கம் பட்ஜெட் போடும்போது காலம் முடிந்த பிறகு உரிமையைப் புதுப்பிக்க என்று தனியாக ஒதுக்குவதே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் விலையோடு காலத்தையும் சேர்த்து ஆரம்பத்திலேயே சொன்னால் ஒரு வருடம் என்று போட்டுக்கொள்கிறோம். மரப்பாச்சி, அந்த 2,49,999ஐக் கடைசியில் என்ன செய்தீர்கள்?

மரப்பாச்சி:
"இரண்டரை லட்சத்துக்கும் குறைவாக" என்று மாற்றச் சொன்னேன், எண் திரையில் இருக்கிறதே. அவர்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பி, இரண்டு நாள் கழித்து ஓகே வந்தது.